கடைசி மூன்று நாள்களின் எண்கள் சொல்வதும் சொல்லாததும்

கேள்வி: ஓர் இணையவழிப் பயிற்சி வகுப்புக்காகக் கூகுள் தேடல் விளம்பரம் கொடுத்துவருகிறேன். இதுதான் என் முதல் கேம்பெய்ன். நாளுக்குச் சுமார் 80 கிளிக் வருகின்றன. முதல் வாரம் திங்கள் முதல் ஞாயிறு வரை கிடைத்த பதிவுகள் 5, 3, 6, 4, 7, 2, 1. இந்த வாரம் திங்கள் முதல் வெள்ளி வரை 4, 6, 3, 2, 1. புதனிலிருந்து இறங்கிக்கொண்டே போகிறது. பயந்துபோய் வியாழன் மதியம் பட்ஜெட்டைப் பாதியாக்கினேன். அன்று 61 கிளிக், வெள்ளியன்று 42. வெள்ளி இன்னும் மோசமாகத்தான் முடிந்தது. இன்னொரு குழப்பமும் உண்டு. முதல் வாரத்தில் ஒவ்வொரு நாளின் எண்ணையும் மறுநாள் காலையில் நான் குறித்தபோது 3, 2, 4, 3, 4, 1, 1 என்றுதான் இருந்தது. இப்போது அதே நாள்களுக்கு வேறு எண்கள் காட்டுகிறது. நாளெல்லாம் திறந்து திறந்து பார்க்கிறேன். எத்தனை முறை பார்க்க வேண்டும்? எந்த மாற்றத்தை விட்டுவிடலாம்? ஞாயிற்றுக்கிழமை விளம்பரத்தை நிறுத்திவிடலாமா? 20 கிளிக் வந்தும் ஒரு பதிவுகூடத் தராத தேடல் சொல்லை நீக்கிவிடலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் மறுநாள் காலையில் எண்ணைக் குறித்துவைத்தது மிக நல்ல காரியம். பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களிடம்கூட இந்தக் குறிப்பு இருக்காது. உங்கள் கேள்விகளில் பாதிக்கு விடை அந்த இரண்டு வரிசை எண்களிலேயே இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கூகுள் விளம்பரக் கணக்கில் Conversions என்ற நெடுவரிசையில் நீங்கள் பார்க்கும் பதிவு, அது நடந்த நாளின் கணக்கில் சேர்வதில்லை. அந்த ஆள் உங்கள் விளம்பரத்தைக் கிளிக் செய்த நாளின் கணக்கில் சேர்கிறது. செவ்வாய்க்கிழமை கிளிக் செய்து பக்கத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, வீட்டில் கலந்துபேசி, வெள்ளிக்கிழமை படிவத்தை நிரப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளியன்று நீங்கள் திறந்து பார்க்கும்போது வெள்ளியின் எண் அசையாது, செவ்வாயின் எண் ஒன்று கூடும். கிளிக் நடந்து எத்தனை நாளுக்குள் வரும் பதிவைக் கணக்கில் எடுப்பது என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. நீங்கள் மாற்றாமல் விட்டிருந்தால் அது 30 நாள். ஆகவே கடந்துபோன நாள்களின் எண்கள் பின்னால் வளர்வது பிழை அன்று, கணக்கின் இயல்பே அதுதான். பதிவு நடந்த நாளை வைத்தே பார்க்க வேண்டுமென்றால் by conv. time என்று முடியும் தனி நெடுவரிசை இருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளலாம். சில வேளைகளில் பதிவு 2.5 என்பதுபோலப் பின்னமாகத் தெரியும். ஒரே ஆள் வெவ்வேறு விளம்பரங்களைக் கிளிக் செய்திருந்தால் ஒரு பதிவை அவற்றுக்கிடையே பிரித்துத் தருவதால் வருவது அது. அதற்கும் கலங்க வேண்டாம்.

இனி உங்கள் எண்களைப் பாருங்கள். முதல் வாரத்தில் மறுநாள் காலையில் தெரிந்தவற்றைக் கூட்டினால் 18. இப்போது அதே வாரம் 28 என்று நிற்கிறது. அதாவது மறுநாள் காலையில் உங்களுக்குத் தெரிவது, கடைசியில் வந்துசேர்வதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. மீதி அடுத்து வரும் நாள்களில் மெல்ல வந்து சேர்கிறது. இதன் விளைவு ஒன்றை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: உங்கள் கேம்பெய்ன் எந்த மாற்றமும் இல்லாமல் ஒரே சீராக ஓடினாலும், என்று திறந்து பார்த்தாலும் கடைசி மூன்று நான்கு நாள்கள் சரிவதுபோலத்தான் தோன்றும். நேற்று மிகக் குறைவாகவும், முந்தாநாள் சற்றுக் கூடுதலாகவும், அதற்கு முந்திய நாள் இன்னும் சற்றுக் கூடுதலாகவும் இருக்கும். வரைபடத்தின் வலது ஓரம் எப்போதும் கீழ்நோக்கியே வளைந்திருக்கும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் அவசரப்பட்டு எடுக்கும் முடிவுகளில் பெரும்பகுதி இந்த வளைவைப் பார்த்து எடுத்தவை என்பது என் கருத்து.

உங்கள் புதன், வியாழன், வெள்ளி மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். முதல் வாரத்தில் நாளுக்கு 80 கிளிக், சராசரியாக 4 பதிவு. அப்படியென்றால் நூறு கிளிக்குக்கு 5 பதிவு என்பது உங்கள் இப்போதைய விகிதம். வெள்ளியன்று பட்ஜெட் பாதியாகிவிட்டதால் 42 கிளிக்தான் வந்தன. இந்த விகிதத்தில் 42 கிளிக்குக் கடைசியில் இரண்டு பதிவு வரலாம். சனிக்கிழமை காலையில் அதில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தெரிய வேண்டும், அதாவது ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையில். நீங்கள் பார்த்தது 1. எதிர்பார்க்க வேண்டியதே அதுதான். வியாழனுக்கு 61 கிளிக். கடைசியில் 3 வரலாம், இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது 2 தெரிந்திருக்கிறது. புதனுக்கு 80 கிளிக். 4 வரலாம், மூன்று நாளில் 3 வந்திருக்கிறது. மூன்று நாளுமே முதல் வாரத்தின் வேகத்திலேயே ஓடியிருக்கின்றன. உங்களைப் பயமுறுத்திய சரிவில் ஒரு பகுதி இன்னும் வந்துசேராத பதிவுகளால் ஆனது. மறு பகுதி வியாழன் மதியம் நீங்கள் பட்ஜெட்டைக் குறைத்ததால் வந்தது.

இந்த இரண்டாவதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பட்ஜெட்டைக் குறைத்தால் கிளிக் குறையும், கிளிக் குறைந்தால் பதிவு குறையும், பதிவு குறைந்ததைப் பார்த்தால் கேம்பெய்ன் கெட்டுவிட்டதாகத் தோன்றும். பிறகு தலைப்பை மாற்றத் தோன்றும், அடுத்து சொற்களை மாற்றத் தோன்றும். இரண்டு வாரம் இப்படிப் போனால் எது எதனால் நடந்தது என்று பிரித்துச் சொல்ல எவராலும் முடியாது. தானியங்கி ஏல முறையில் கேம்பெய்ன் ஓடுகிறது என்றால் இன்னொரு சிக்கலும் சேரும். வந்த பதிவுகளிலிருந்துதான் அந்த முறை எந்தத் தேடலுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று கற்றுக்கொள்கிறது. அடிக்கடி பெரிய மாற்றம் செய்தால் கற்றது பயன்படாமல் போகிறது. மெட்டாவின் விளம்பரங்களில் இதை வெளிப்படையாகவே கற்றல் கட்டம் என்று காட்டுகிறார்கள். பெரிய திருத்தம் ஒன்றைச் செய்தபின் வாரத்துக்குள் சுமார் 50 பதிவு கிடைத்தால்தான் அந்தக் கட்டம் முடியும் என்பது அவர்கள் சொல்லும் அளவு. நடுவில் மறுபடி பெரிய திருத்தம் செய்தால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும்.

அடுத்து, தற்செயலான ஏற்ற இறக்கம். இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு கால அளவில் வழக்கமாக எத்தனை பதிவு வருமோ அந்த எண்ணின் வர்க்கமூலத்தை எடுத்து இரண்டால் பெருக்குங்கள். வழக்கமான எண்ணிலிருந்து அவ்வளவு கூடினாலும் குறைந்தாலும் எதுவும் மாறியதாகச் சொல்ல முடியாது. உங்களுக்கு நாளுக்கு 4. அதன் வர்க்கமூலம் 2, இரு மடங்கு 4. ஆகவே பூச்சியத்திலிருந்து 8 வரை எந்த எண் வந்தாலும் அது அதே கேம்பெய்ன்தான். சராசரி 4 என்ற நிலையில், எதுவுமே மாறாமலிருக்கும்போது, ஏறத்தாழ நான்கு நாளுக்கு ஒரு நாள் 2 அல்லது அதற்கும் குறைவாக வரும். பதினொரு நாளுக்கு ஒரு நாள் 1 அல்லது பூச்சியம் வரும். இதெல்லாம் எல்லாப் பதிவுகளும் வந்துசேர்ந்த பிறகு உள்ள கணக்கு. மறுநாள் காலையிலேயே எட்டிப்பார்த்தால் தெரிவது சராசரி இரண்டரைதான். அப்போது நான்கு நாளுக்கு ஒரு நாளுக்கும் மேலாக 1 அல்லது பூச்சியம்தான் கண்ணில் படும்.

ஒரு பதிவுக்கு ஆன செலவு என்ற நெடுவரிசைதான் உங்களை அதிகம் ஆட்டிவைக்கும் என்று நினைக்கிறேன். அதன் சூழ்ச்சியைப் புரிந்துகொள்ளுங்கள். செலவு நாளுக்கு நாள் ஏறத்தாழ ஒன்றுபோல இருக்க, பதிவு மட்டும் 1க்கும் 8க்கும் இடையில் ஆடுகிறது. 8 வந்த நாளில் ஒரு பதிவுக்கு ஆன செலவு நாள் பட்ஜெட்டில் எட்டில் ஒன்று, 4 வந்த நாளில் கால், 2 வந்த நாளில் அரை, 1 வந்த நாளில் முழு பட்ஜெட். நல்ல நாளில் செலவு பாதியாகக் குறைந்ததை மனம் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. கெட்ட நாளில் நான்கு மடங்காகும்போது நெஞ்சு படபடக்கிறது. உண்மையில் இரண்டும் ஒரே ஆட்டத்தின் இரு முனைகள். எனவே உங்கள் அளவில் ஓடும் கேம்பெய்னுக்கு, இந்த எண்ணை ஒரு நாளுக்கென்று பார்க்கவே கூடாது. அந்த நெடுவரிசையைத் தினசரித் திரையிலிருந்து நீக்கிவிடுங்கள், வாரக் கணக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வாரக் கணக்கிலும் நாம் நினைப்பதைவிட இடைவெளி அகலமானது. வாரத்துக்கு 28 என்றால் வர்க்கமூலம் ஐந்தேகால், இரு மடங்கு பத்தரை. ஆக 18 முதல் 38 வரை வந்தால் எதுவும் மாறவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடும்போது இரண்டு எண்ணுமே ஆடக்கூடியவை என்பதால் இடைவெளி இன்னும் விரியும். நான்கு வாரம் சேர்த்தால் 112, கூடவோ குறையவோ 21. அப்போதுதான் ஐந்தில் ஒரு பங்கு மாற்றம்கூடக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். நாளுக்கு 400 பதிவு வரும் பெரிய கேம்பெய்னை நடத்துகிறவர் நிலை வேறு. அவருக்கு ஒரு நாளின் ஆட்டம் கூடவோ குறையவோ 40, அதாவது பத்து சதவீதம். எல்லாப் பதிவுகளும் வந்துசேர்ந்த பிறகும் ஒரே நாளில் முப்பது சதவீதம் சரிந்து நின்றால் அவர் எழுந்து உட்கார வேண்டும். அவருக்குச் சொல்லும் அறிவுரையை நீங்கள் பின்பற்றினால் உங்களுக்கு நிம்மதி போகும். தினமும் எண்களைக் கண்காணியுங்கள் என்று எங்காவது படித்தால், எத்தனை பதிவு வரும் கேம்பெய்னுக்கு அது எழுதப்பட்டது என்று முதலில் கேளுங்கள்.

எத்தனை முறை பார்ப்பது என்பதற்கு இப்போது வருகிறேன். காலையில் ஒரு முறை, ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் கேம்பெய்ன் நன்றாகப் போகிறதா என்று எடைபோடக் கூடாது. ஓடுகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். நேற்று செலவு ஆகியிருக்கிறதா? விளம்பரங்களுக்கு அனுமதி மறுப்பு, கட்டணம் செலுத்துவதில் தடை என்று ஏதாவது எச்சரிக்கை நிற்கிறதா? கிளிக் எண்ணிக்கை வழக்கமான அளவுக்குப் பக்கத்தில் இருக்கிறதா? உங்கள் சொந்தப் பதிவேட்டில், அதாவது படிவம் நிரப்பியவர்களின் பட்டியலில், புதிய பெயர்கள் வந்திருக்கின்றனவா? கடைசிக் கேள்வி முக்கியம். விளம்பரக் கணக்கு காட்டும் எண்ணும் உங்கள் பட்டியலில் இருக்கும் பெயர்களும் அச்சாகப் பொருந்தாது. ஆனால் ஒன்றில் பெயர்கள் வந்துகொண்டிருக்க மற்றொன்று நின்றுபோனால், பதிவுகளை எண்ணும் நிரல் உடைந்திருக்கிறது என்று பொருள்.

பகலில் மறுபடி திறப்பதால் புதிதாக எதுவும் தெரியவராது. கிளிக், செலவு போன்ற எண்களே திரைக்கு வந்துசேர மூன்று மணி நேரம் வரை ஆகலாம். இன்றைய தினம் இன்னும் முடியவில்லை. முடியாத நாளை முடிந்த நேற்றோடு ஒப்பிட்டால் இன்று எப்போதும் தோற்றுத்தான் தெரியும். இதற்கு விதிவிலக்கு இரண்டுதான்: புதிய கேம்பெய்னைத் தொடங்கிய நாளும், படிவத்தையோ பக்கத்தையோ திருத்திய நாளும். அன்று சில மணி நேரம் கழித்து ஒரு முறை பார்த்து, கிளிக் வருகிறது, பதிவு எண்ணப்படுகிறது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். கைப்பேசியில் அந்தச் செயலி இருந்தால் எடுத்துவிடுங்கள். விட்டுப்போகுமோ என்ற பயம் இருந்தால் Automated rules பகுதியில் ஒரு விதி எழுதிவையுங்கள். நேற்றைய கிளிக் 30க்குக் கீழே போனால் மின்னஞ்சல் அனுப்பு என்று சொல்லிவைத்தால் போதும். மின்னஞ்சல் மட்டும் அனுப்பட்டும்; தானாகக் கேம்பெய்னை நிறுத்தும் விதி இப்போதைக்கு வேண்டாம்.

எடைபோடுவதற்கு வாரம் ஒரு நாள். உங்கள் விஷயத்தில் அது வியாழக்கிழமை காலை. அன்று அதற்கு முந்திய ஞாயிறோடு முடிந்த வாரத்தை, திங்கள் முதல் ஞாயிறு வரை, எடுத்துப் பாருங்கள். இடையிலுள்ள மூன்று நாள், பதிவுகள் வந்துசேர விடும் நாள். உங்கள் ஆள்கள் முடிவெடுக்க உண்மையில் எத்தனை நாள் எடுக்கிறார்கள் என்பதை உங்கள் குறிப்பேட்டைக் கொண்டே சரிபார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நாளின் எண்ணையும் மறுநாள், நான்காம் நாள், எட்டாம் நாள் என்று மூன்று முறை எழுதுங்கள். நான்காம் நாளுக்கும் எட்டாம் நாளுக்கும் பெரிய வேறுபாடு இல்லையென்றால் வியாழக்கிழமை போதும். வேறுபாடு நிறைய இருந்தால் இன்னும் ஒரு வாரம் தள்ளிப் பார்க்க வேண்டிய தொழில் உங்களுடையது. எப்போதும் முழு வாரமாக எடுப்பதற்குக் காரணம், கிழமைக்குக் கிழமை மக்களின் பழக்கம் மாறும் என்பதே. ஒரு ஞாயிறு உள்ள ஆறு நாளையும் இரண்டு ஞாயிறு உள்ள எட்டு நாளையும் ஒப்பிட்டால் வரும் வேறுபாடு கேம்பெய்னைப் பற்றி எதையும் சொல்லாது.

விட்டுவிட வேண்டிய அன்றாட மாற்றங்கள் பல. ஒரு கிளிக்கின் விலை பத்து இருபது சதவீதம் ஏறுவது, போட்டியாளர்கள் அன்று எவ்வளவு கேட்டார்கள் என்பதைப் பொறுத்தது, மறுநாள் இறங்கலாம். விளம்பரம் எத்தனை பேர் கண்ணில் பட்டது என்ற எண் தேடுபவர்களின் எண்ணிக்கையோடு ஏறி இறங்கும். கிளிக் விகிதம் 6 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாவதும் ஒரு நாள் கணக்கில் பொருளற்றது. செலவைப் பற்றி மட்டும் சற்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இதில் பதறிப்போகிறார்கள். நீங்கள் கொடுத்த நாள் பட்ஜெட் ஓர் உச்சவரம்பு அன்று, சராசரி. பெரும்பாலான கேம்பெய்ன்களில் ஏதாவது ஒரு நாளில் அதைப்போல இரண்டு மடங்கு வரை கூகுள் செலவழிக்கலாம். மாதம் முழுவதற்குமான வரம்பு நாள் பட்ஜெட்டின் 30.4 மடங்கு, ஆண்டின் 365 நாளைப் பன்னிரண்டால் வகுத்து வந்த எண் அது. ஆகவே ஒரு நாள் ஒன்றரை மடங்கு செலவாகியிருந்தால் வேறு நாள்களில் அது சரிக்கட்டப்படும். உங்களால் தாங்கக்கூடிய மாதச் செலவை முதலில் முடிவுசெய்து, அதை 30.4ஆல் வகுத்து நாள் பட்ஜெட்டாக வையுங்கள். பிறகு தினசரிச் செலவை ஓடுகிறதா இல்லையா என்ற அளவில் பார்த்தால் போதும்.

அன்றைக்கே எழுந்து கவனிக்க வேண்டியவை மிகச் சில. செலவு பூச்சியமானால் கட்டணமோ அனுமதியோ தடைபட்டிருக்கிறது. கிளிக் வழக்கம்போல வந்தும் மறுநாள் காலையில் பதிவு பூச்சியம் என்றால், பதின்மூன்று நாளுக்கு ஒரு நாள் அப்படித் தற்செயலாகவே நடக்கும் என்பது உங்கள் எண்களின் கணக்கு. அதனால் கேம்பெய்னைத் தொடாதீர்கள், ஆனால் படிவத்தைச் சோதியுங்கள். பக்கத்தின் முகவரியைத் தட்டச்சு செய்து கைப்பேசியிலும் கணினியிலும் திறந்து, முழுதாக நிரப்பி அனுப்பிப் பாருங்கள். உங்கள் விளம்பரத்தையே கிளிக் செய்து போகாதீர்கள்; அது செலவு. விளம்பரம் வருகிறதா என்று பார்க்கக் கூகுளில் மறுபடி மறுபடி தேடவும் வேண்டாம். காட்டப்பட்டும் கிளிக் ஆகாத எண்ணிக்கைதான் கூடும். அதற்கென்றே Ad Preview and Diagnosis என்ற கருவி கணக்குக்குள் இருக்கிறது. இரண்டாவது நாளும் பூச்சியமாகவே நின்றால் அது தற்செயல் என்று நம்ப இடமில்லை. ஏதோ உடைந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, படிவம், நன்றி சொல்லும் பக்கம், எண்ணும் நிரல் என்று வரிசையாகத் தேடுங்கள். கடைசியாக ஒன்று: கிளிக் திடீரென்று இரட்டிப்பாகிப் பதிவு மட்டும் அப்படியே நின்றால் Search terms அறிக்கையைத் திறந்து, மக்கள் உண்மையில் என்ன தேடி உங்களிடம் வந்தார்கள் என்று படியுங்கள். உங்கள் வகுப்புக்குத் தொடர்பில்லாத தேடல் ஒன்று உள்ளே நுழைந்திருக்கும். அதை விலக்கு சொல்லாகச் சேர்ப்பதற்கு எந்தக் கணக்கும் தேவையில்லை, படித்தவுடனே செய்யலாம்.

20 கிளிக் வந்தும் பதிவு தராத சொல்லுக்கு இதே போன்ற கணக்குத்தான். நூறு கிளிக்குக்கு 5 பதிவு தரக்கூடிய நல்ல சொல்கூட, முதல் 20 கிளிக்கில் ஒன்றும் தராமல் போக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது. 60 கிளிக் வரை வெறுமையாகவே போனால் அந்த வாய்ப்பு இருபதில் ஒன்றுக்குக் கீழே இறங்கிவிடும். நினைவில் வைத்துக்கொள்ள வழி இது: மூன்றை உங்கள் பதிவு விகிதத்தால் வகுங்கள். 3 ÷ 0.05 = 60. அந்த எண்ணிக்கை நிரம்பும்வரை காத்திருந்து, மேலும் மூன்று நான்கு நாள் பதிவுகள் வந்துசேர விட்டு, அதன்பின் நிறுத்துங்கள். உங்கள் கணக்கில் இருபது முப்பது சொற்கள் இருந்தால் அவற்றில் ஒன்றிரண்டு நல்ல சொற்களே இந்த அளவுகோலில் தவறி விழலாம். ஆகவே உங்கள் வகுப்பின் பெயருக்கு மிக நெருக்கமான சொல்லாக இருந்தால் இன்னும் கொஞ்சம் இடம் கொடுங்கள். தூரத்துச் சொல்லென்றால் தயங்க வேண்டாம்.

ஞாயிறைப் பொறுத்தவரை உங்களிடம் இருப்பது ஒரே ஒரு ஞாயிறு, ஒரே ஒரு பதிவு. அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நான்கு ஞாயிறுகளின் பதிவுகளைக் கூட்டுங்கள். மற்ற நாள்களைப் போலவே நடந்தால் 16 வர வேண்டும். வர்க்கமூலம் 4, இரு மடங்கு 8. கூட்டுத்தொகை 8க்குக் கீழே போனால்தான் ஞாயிறு உண்மையிலேயே மந்தமான நாள். அப்போதும் உடனே நிறுத்திவிடாதீர்கள். அன்று கிளிக்கும் குறைவாக வந்து செலவும் குறைவாக ஆகியிருந்தால் ஒரு பதிவுக்கு ஆன செலவு மற்ற நாள்களைப் போலவேதான் இருக்கும், நிறுத்துவதால் லாபமில்லை. அதையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. பட்ஜெட்டைப் பழைய அளவுக்கே திருப்பிவிடுங்கள். தலைப்பு, சொற்கள், ஏல முறை எதையும் தொடாதீர்கள். வியாழன் முதல் இந்த ஞாயிறு வரை உள்ள நாள்களைக் கணக்கிலிருந்து ஒதுக்கிவையுங்கள். பட்ஜெட் மாறிய நாள்களை மற்றவற்றோடு சேர்த்துப் பேச முடியாது. நாளை மறுநாள் திங்களிலிருந்து புதிய வாரம் தொடங்குகிறது. அது முடிந்த அடுத்த வியாழக்கிழமை காலையில் முதன்முறையாக எடைபோடுங்கள். நீங்கள் செய்யும் மாற்றம் ஒவ்வொன்றையும் Change history பதிந்துவைக்கும், ஆனால் ஏன் செய்தீர்கள் என்பது அதில் இருக்காது. காரணத்தையும், எந்த எண்ணைப் பார்த்துச் செய்தீர்கள் என்பதையும் உங்கள் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதுங்கள். மாற்றம் செய்வதென்றால் ஒரு நேரத்தில் ஒன்று, அதுவும் வியாழக்கிழமைக் கணக்குக்குப் பிறகு மட்டும்.

அந்த வியாழனன்று எண் 18க்கும் 38க்கும் இடையில் இருந்தால் எதையும் மாற்றாமல் மூடிவிடுங்கள். 18க்குக் கீழே இருந்தால் முதலில் கிளிக் எண்ணிக்கையைப் பாருங்கள். கிளிக்கும் அதே விகிதத்தில் குறைந்திருந்தால் தேடுவோர் குறைந்திருக்கிறார்கள் அல்லது ஏலத்தில் நீங்கள் தோற்றுக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் விளம்பரம் தோன்றியிருக்கக்கூடிய தேடல்களில் எத்தனை பங்கில் உண்மையில் தோன்றியது என்று சொல்லும் Search impression share என்ற நெடுவரிசை, இரண்டில் எது என்று காட்டும். அந்தப் பங்கு மாறாமலிருந்தால் தேடல்தான் குறைந்திருக்கிறது, உங்கள் விளம்பரத்தில் குறையில்லை. பங்கு சரிந்திருந்தால் பக்கத்திலேயே இருக்கும் lost IS என்ற இரண்டு நெடுவரிசைகளில் இழந்தது பட்ஜெட்டாலா, தரவரிசையாலா என்று தெரியும். கிளிக் 560 பக்கமே இருந்து பதிவு மட்டும் குறைந்திருந்தால் விளம்பரத்தைத் தொட வேண்டாம், பக்கத்தையும் படிவத்தையும் பாருங்கள். அங்கேயும் ஒன்றும் தென்படவில்லையென்றால் இன்னும் ஒரு வாரம் அப்படியே ஓடவிட்டு, இரண்டு வாரத்தையும் கூட்டிப் பாருங்கள். 56 வர வேண்டிய இடத்தில் 41க்கும் குறைவாக வந்திருந்தால், இந்தக் குறிப்பேட்டின் எண்களோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.